பழைய பத்திரப் படத்திலிருந்து தேதியை எடுத்தெழுதும்போது, உள்ளபடியே விடுவதா, ஒரே வடிவுக்கு மாற்றுவதா?

கிணற்றடி (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். தாத்தா காலத்துப் பத்திரக் கட்டு சித்தப்பா வீட்டில் இருக்கிறது. போன மாதம் ஊருக்குப் போனபோது எல்லாவற்றையும் கைபேசியில் படம் எடுத்துக்கொண்டு வந்தேன், மொத்தம் 41 படம். யார் யாருக்கு எழுதிக்கொடுத்தார், எந்த நிலம், எவ்வளவு தொகை, என்ன தேதி என்று ஒவ்வொன்றையும் பார்த்து எக்செல்லில் பட்டியல் போடுகிறேன்.

தேதியில்தான் மாட்டிக்கொண்டேன். 1932ஆம் வருஷத்துக் கிரயப் பத்திரம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே வாசகத்தில் "1932 ௵ நவம்பர் ௴ 5 ௳" என்று இருக்கிறது. பின்பக்கம் சார்பதிவாளர் அலுவலகக் குறிப்பில் "7-11-32". முத்திரைத்தாளின் முதுகில், தாள் விற்றவர் கையெழுத்துக்குப் பக்கத்தில் "31132". நடுவில் கோடோ புள்ளியோ எதுவும் தெரியவில்லை.

பார்க்க ஒழுங்காக இருக்கட்டும் என்று எல்லாவற்றையும் 05-11-1932, 07-11-1932 என்று ஒரே மாதிரி தட்டச்சு செய்துகொண்டே வந்துவிட்டேன். நேற்று பட்டியலைத் தேதிவாரியாக அடுக்கிப் பார்த்தால் எல்லாம் குழம்பிக் கிடக்கிறது. 1898ஆம் வருஷப் பத்திரம் கடைசியில் போய் நிற்கிறது. பதிவான தேதி ஜூலை மாதம் என்கிறது, எழுதிய தேதி மே என்கிறது. நான் அடித்தது நவம்பர். எங்கே தப்பு நடந்தது? முதலில் எப்படி எழுதியிருக்க வேண்டும்?

---

நிரல்வேல்

தீர்வு எளிதுதான். தேதியை எப்போதும் ஆண்டு-மாதம்-நாள் என்று எழுதுங்கள், 1932-11-05 மாதிரி. ஐஎஸ்ஓ 8601 சொல்லும் முறை அது. வெறும் எழுத்தாக இருந்தாலும் அகரவரிசையும் கால வரிசையும் ஒன்றாகவே வரும், அடுக்கும்போது எதுவும் கலையாது. பத்திரத்தில் புள்ளியா கோடா என்பதை எல்லாம் தூக்கிச் சுமக்க வேண்டாம். தேதி ஒன்றுதான், அதை எழுதும் விதம்தான் வேறு. நம் ஊரில் எல்லாரும் நாள், மாதம், ஆண்டு என்றுதானே எழுதுகிறார்கள், குழப்பத்துக்கு இடமே இல்லை.

---

செவ்வந்தி

எனக்கும் இதே பிரச்சினை. மகனின் பிறப்புச் சான்றிதழில் நாளும் மாதமும் இடம் மாறி அச்சாகிவிட்டது. பள்ளியில் ஒரு தேதி, சான்றிதழில் வேறு தேதி. மாற்ற யாரிடம் மனு கொடுக்க வேண்டும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

ஏட்டுச்சுவடு

செவ்வந்தி, நீங்கள் கேட்பது பதிவேட்டிலேயே உள்ள பிழையைத் திருத்துவது பற்றி. அது பிறப்பைப் பதிவு செய்த அலுவலகத்தில் கேட்க வேண்டியது. தனி இழையாகப் போட்டால் அனுபவப்பட்டவர்கள் கண்ணில் படும். இங்கே கிணற்றடி கேட்பது, தாளில் இருப்பதைக் கணினியில் ஏற்றும்போது நாமே புதுப்பிழை செய்யாமல் இருப்பது எப்படி என்று.

நிரல்வேல் சொன்னதில் பாதியை ஏற்கிறேன். அடுக்குவதற்கு ஆண்டு-மாதம்-நாள்தான் வேண்டும். ஆனால் அது பத்திரத்தில் இருப்பதை அழித்துவிட்டு அதன் இடத்தில் உட்காரக் கூடாது, பக்கத்துக் கட்டத்தில் உட்கார வேண்டும். பழைய ஆவணங்களைப் படியெடுக்கும் வேலையைப் பல வருஷம் செய்தவள் நான். "தாளில் உள்ளபடி" ஒரு கட்டம், "என் வாசிப்பு" இன்னொரு கட்டம் என்று பிரிக்காத பட்டியல் எதையும் திரும்பச் சரிபார்க்க முடிந்ததில்லை.

"நம் ஊரில் எல்லாரும் நாள், மாதம், ஆண்டு" என்பதும் சரியில்லை தம்பி. கிணற்றடி காட்டிய பத்திரத்தையே பாருங்கள். வாசகத்தில் ஆண்டு முதலில், மாதம் அடுத்து, நாள் கடைசியில். ௵ என்பது வருஷம், ௴ மாதம், ௳ தேதி. பழைய தமிழ்ப் பத்திரங்களில் வெகுவாகக் காணப்படும் வரிசை அது. அதே பத்திரத்தின் பின்பக்கம் அலுவலகக் குறிப்பு நாள், மாதம், ஆண்டு என்று போகிறது. ஒரே பத்திரத்தில் இரண்டு கை, இரண்டு வரிசை. இரண்டையும் 05-11-1932, 07-11-1932 என்று ஒன்றாக்கிவிட்டால், எது வாசகத்திலிருந்து வந்தது, எது குறிப்பிலிருந்து வந்தது என்று பட்டியலைப் பார்ப்பவருக்குத் தெரியாது. நடுவே வரும் கோடும் புள்ளியும் அப்படித்தான். முத்திரைத்தாள் விற்பவர் புள்ளி வைத்து எழுதுபவராக இருப்பார், அலுவலக எழுத்தர் சிறு கோடு போடுபவராக இருப்பார். கட்டு முழுக்க அந்தப் பழக்கம் திரும்பத் திரும்ப வரும். ஒரு தாள் மங்கிப்போனால் மற்றத் தாள்களில் அதே கை எப்படி எழுதியிருக்கிறது என்று பார்த்துத்தான் படிக்க வேண்டியிருக்கும்.

இனி எக்செல் என்ன செய்தது என்பது. கிணற்றடி, உங்கள் மடிக்கணினியின் வட்டார அமைப்பு அமெரிக்காவில் இருக்கிறது என்று நினைக்கிறேன். 07-11-1932 என்று அடித்தவுடன் அது தேதி என்று எக்செல் முடிவு செய்து, முதல் எண்ணை மாதமாக எடுத்துக்கொண்டு ஜூலை 11 ஆக்கிவிட்டது. திரையில் 7/11/1932 என்றே தெரிவதால் கண்ணுக்குப் படாது. 17-11-1932 என்று அடித்தால் 17ஆம் மாதம் என்று ஒன்று இல்லாததால் அதைத் தொடாமல் எழுத்தாகவே விட்டுவிடும். அதனால்தான் பாதி மேலே, பாதி கீழே. 1898 கடைசிக்குப் போனதற்குக் காரணம் வேறு. எக்செல்லுக்கு நாட்கணக்கே 1900 ஜனவரி 1இல்தான் தொடங்குகிறது. அதற்கு முந்திய எதையும் தேதியாக ஏற்காது, வெறும் எழுத்தாக வைத்துக்கொள்ளும். ஏறுவரிசையில் அடுக்கினால் எண்கள் எல்லாம் முடிந்த பிறகுதான் எழுத்து வரும்.

எவை மாறின என்று பார்க்கக் கட்டத்தின் அகலத்தை இழுத்துப் பெரிதாக்குங்கள். நீங்கள் இடம், வலம் என்று எதுவும் அமைக்காமல் இருந்தால், எக்செல் தேதியாக்கியவை வலப்பக்கம் ஒட்டி நிற்கும், எழுத்தாக விட்டவை இடப்பக்கம் நிற்கும்.

---

கிணற்றடி

அக்கா, நீங்கள் சொன்னபடியே இருக்கிறது. வலப்பக்கம் 26, இடப்பக்கம் 15. வலப்பக்கம் நிற்பவற்றின் கட்டத்தை `Text` ஆக மாற்றினால் பழையபடி வந்துவிடும் என்று நினைத்துச் செய்தேன். 07-11-1932 இருந்த இடத்தில் 11881 என்று வருகிறது!

---

ஏட்டுச்சுவடு

அதைச் செய்ததால் ஒன்றும் கெடவில்லை. உள்ளே இருப்பதை இப்போதுதான் நேராகப் பார்க்கிறீர்கள். எக்செல் உங்கள் எழுத்தை வைத்துக்கொள்ளவே இல்லை. 1900 ஜனவரி 1ஐ 1 என்று வைத்து எண்ணி வரும் நாட்கணக்கைத்தான் வைத்திருக்கிறது. 11881 என்றால் 1932 ஜூலை 11. நவம்பர் 7 என்று புரிந்துகொண்டிருந்தால் சரியாக 12000 வந்திருக்கும்.

நீங்கள் அடித்தது 07-11-1932ஆ, 7/11/32ஆ, 7.11.1932ஆ என்பது அந்த எண்ணிலிருந்து திரும்ப வராது. 26 இடத்திலும் படத்தைத் திறந்து மறுபடி பார்ப்பதே வழி. நாளும் மாதமும் ஒரே எண்ணாக இருப்பவற்றைக்கூட விடாதீர்கள், கோடும் புள்ளியும் போய்விட்டனவே.

இந்த முறை புதுத் தாள் திறந்து, எதையும் அடிப்பதற்கு முன்னால் அந்த நிரல் முழுவதையும் தேர்ந்தெடுத்து `Text` ஆக்குங்கள். அடித்த பிறகு ஆக்கினால் பயனில்லை என்று இப்போது பார்த்துவிட்டீர்கள். கூகுள் தாளில் அதன் பெயர் `Plain text`. ஒன்றிரண்டு கட்டத்துக்கு மட்டும் என்றால் முன்னால் ஒற்றை மேற்கோள் குறி போட்டு அடிக்கலாம், `'7-11-32` என்று. அந்தக் குறி கட்டத்தில் தெரியாது.

தாளில் ஆண்டு 32 என்று இரண்டே இலக்கமாக இருந்தால் அப்படியே விடுங்கள், 1932 ஆக்க வேண்டாம். அந்த 19 நீங்கள் சேர்ப்பது. அது "என் வாசிப்பு" கட்டத்தில் வரட்டும். இரண்டு இலக்க ஆண்டை எக்செல்லிடம் விட்டால் அதுவே நூற்றாண்டைச் சேர்த்துவிடும். 28 என்று எழுதியிருந்தால் 2028 என்று எடுத்துக்கொள்ளும். 32ஐ ஒரு கணினி 1932 என்றும் இன்னொன்று 2032 என்றும் கொள்ளலாம், விண்டோஸில் அந்த எல்லை எங்கே வைக்கப்பட்டிருக்கிறது என்பதைப் பொறுத்தது அது.

---

வயல்வரப்பு

தேதி இல்லை, ஆனால் இதே நோய் என்பதால் சொல்கிறேன். எங்கள் குடும்ப நிலத்துக்கு சர்வே எண் பட்டியல் போட்டேன். 12/3 என்று அடித்தது டிசம்பர் 3 ஆகிவிட்டது. 112/2ஏ மாதிரி எழுத்து சேர்ந்தவை மட்டும் தப்பின. ஆவண எண் 11/32 என்று சுருக்கி எழுதியிருந்ததை நவம்பர் 1932 ஆக்கிவிட்டது, 32 என்று ஒரு நாள் இல்லாததால் அதை ஆண்டு என்று எடுத்துக்கொண்டது போல. வில்லங்கம் போட்டுப் பார்க்கப் போனபோதுதான் எண்ணே தப்பு என்று தெரிந்தது. கிணற்றடி, தேதி நிரலை மட்டும் எழுத்தாக்கிவிட்டு நிறுத்தாதீர்கள். சர்வே எண், ஆவண எண் நிரல்களையும் மாற்றுங்கள்.

---

நிரல்வேல்

உள்ளபடி ஒரு நிரல் வேண்டும் என்பதை ஏற்கிறேன். வாசகத்தில் ஆண்டு முதலில் வருவது எனக்குத் தெரியாது. கோப்பு பக்கத்திலிருந்து ஒன்று சேர்க்கிறேன். `Text` ஆக்கி எழுதினாலும், சிஎஸ்வியாகச் சேமித்துவிட்டு அந்தக் கோப்பை எக்செல்லில் இரட்டைச் சொடுக்கித் திறந்தால் மறுபடி எல்லாம் தேதியாகிவிடும். நிரலின் வகையை சிஎஸ்வி நினைவில் வைப்பதில்லை. எக்செல் கோப்பாகவே சேமியுங்கள், அல்லது சிஎஸ்வியை உள்ளே இறக்கும்போது அந்த நிரலை எழுத்து என்று தேர்ந்தெடுங்கள். பைதானில் படிப்பவர்களுக்கு இந்த ஒரு வரி போதும்:

```python
df = pd.read_csv("pathiram.csv", dtype=str, keep_default_na=False)
```

எல்லாவற்றையும் எழுத்தாகவே படிக்கும், எதையும் ஊகிக்காது.

அப்புறம் அந்த "31132". என் கண்ணுக்கு அது 31.1.32. ஜனவரி 31. மூன்றும் ஒன்றும் நெருங்கி நிற்கின்றனவே.

---

பழைய முத்திரை

பத்திர எழுத்தராக முப்பது வருஷத்துக்கு மேல் இருந்து ஓய்வு பெற்றவன். கணினி விஷயம் எனக்குத் தெரியாது, பத்திரத்தில் தேதி வரும் விதம் தெரியும்.

ஒரு கிரயப் பத்திரத்தில் ஒரு தேதிதான் இருக்கும் என்று நினைக்காதீர்கள். முத்திரைத்தாள் வாங்கிய தேதி ஒன்று. தாளின் முதுகில் வரிசை எண், வாங்கியவர் பெயர், ஊரோடு சேர்த்து விற்றவர் எழுதுவது அது. எழுதிக்கொடுத்த தேதி ஒன்று, அது வாசகத்தில் இருக்கும். சார்பதிவாளரிடம் தாக்கல் செய்த தேதி ஒன்று, பதிவு முடிந்த தேதி ஒன்று. தாள் வாங்கிய பிறகுதான் எழுத முடியும், எழுதிய பிறகுதான் தாக்கல் செய்ய முடியும். எழுதிய நாளிலிருந்து நான்கு மாதத்துக்குள் தாக்கல் செய்ய வேண்டும் என்பது 1908ஆம் வருஷத்துப் பதிவுச் சட்டம், 23ஆம் பிரிவு. பிந்தினால் அபராதம் கட்டி அனுமதி வாங்க வழி உண்டு, அதற்கும் அளவு உண்டு.

இதை வைத்துப் பார்த்தால் தம்பியின் 7-11-32 ஜூலையாக இருக்கவே முடியாது. நவம்பர் 5இல் எழுதியதை ஜூலை 11இல் யார் தாக்கல் செய்வார்? எழுதியது சனிக்கிழமை, தாக்கல் திங்கட்கிழமை, இயல்பாக இருக்கிறது.

31132க்கு வருகிறேன். 3.11.32 என்றால் எழுதுவதற்கு இரண்டு நாள் முன்னால் தாள் வாங்கியிருக்கிறார்கள், பொருந்துகிறது. ஆனால் ஜனவரி 31 என்று நிரல்வேல் சொல்வதை நான் அடியோடு தள்ளமாட்டேன். ஒரு காரியத்துக்கு வாங்கிய தாளைப் பயன்படுத்தாமல் வைத்திருந்து பல மாதம் கழித்து வேறு காரியத்துக்கு எடுப்பது நடக்கிற விஷயம்தான்.

---

ஏட்டுச்சுவடு

ஐயா, 1932 ஜனவரி 31 ஞாயிற்றுக்கிழமை. நவம்பர் 3 வியாழக்கிழமை. ஞாயிறு என்பது கொஞ்சம் எடை சேர்க்காதா?

---

பழைய முத்திரை

கொஞ்சம் சேர்க்கும், அதற்கு மேல் இல்லை அம்மா. தாக்கல் தேதி ஞாயிறு என்றால் நானே தப்பு என்பேன், அலுவலகம் பூட்டியிருக்கும். தாள் விற்பவர் வீட்டிலிருந்தும் கொடுப்பார். கிராமத்தில் விடிகாலையில் போய்க் கதவைத் தட்டி வாங்கிய ஆட்களை நான் பார்த்திருக்கிறேன்.

---

கிணற்றடி

அப்படியென்றால் உள்ளபடி நிரலில் நான் என்ன எழுதுவது? "31132" என்றா, "3.11.32" என்றா?

---

ஏட்டுச்சுவடு

கண்ணுக்குத் தெரிவதை வெறுமனே எழுதுங்கள். தெரியாமல் நீங்கள் ஊகித்துச் சேர்ப்பதைச் சதுர அடைப்புக்குள் போடுங்கள். `3[.]11[.]32` என்று எழுதினால், எண்கள் தாளில் இருக்கின்றன, புள்ளிகள் என் ஊகம் என்பது படிப்பவருக்குப் புரிந்துவிடும். இரண்டு வாசிப்பும் சம எடை என்று நினைத்தால் `31132` என்றே விட்டுவிட்டுக் குறிப்பில் இரண்டையும் எழுதுங்கள். அடைப்பு இல்லாமல் 3.11.32 என்று எழுதுவது மட்டும் வேண்டாம். அடுத்து வருபவர் அதைத் தாளில் உள்ளது என்றே எடுத்துக்கொள்வார்.

ஆனால் அதற்கு முன் ஒரு கேள்வி. படத்தை எப்படி எடுத்தீர்கள்? சாதாரணக் கேமராவிலா, ஆவணம் வருடும் செயலியிலா?

---

கிணற்றடி

வருடும் செயலியில்தான். கறுப்பு வெள்ளை என்று ஒரு தேர்வு இருந்தது, எழுத்து பளிச்சென்று தெரிந்ததால் அதையே எல்லாவற்றுக்கும் போட்டேன். பிறகு வாட்ஸ்அப்பில் எனக்கே அனுப்பிக்கொண்டேன்.

---

ஏட்டுச்சுவடு

அங்கேதான் புள்ளி போயிருக்கும். அந்த வடிகட்டி ஒவ்வொரு இடத்தையும் கறுப்பா வெள்ளையா என்று வெட்டிவிடுகிறது. மங்கின மை வெள்ளைப் பக்கம் விழுந்துவிடும். தனியாக நிற்கும் சிறு புள்ளியைத் தூசு என்று துடைக்கும் வேலையும் சில செயலிகளில் உண்டு. எண் பெரிது, தப்பிவிடும். புள்ளிதான் முதலில் சாகும், அடுத்துச் சிறு கோடு. வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பும்போது சுருக்குவது அதற்கு மேல் ஒரு இழப்பு. கோப்பாக அனுப்பினால் அந்தச் சுருக்கம் இருக்காது.

எதிர்ப்பக்கத்துத் தொல்லையும் உண்டு. பூஞ்சைப் புள்ளியும், மறுபக்கத்து மை ஊறி வந்ததும் புள்ளி போலவே தெரியும். அந்த இடத்தின் மறுபக்கப் படத்தை இடம் வலமாகத் திருப்பி இதன் மேல் வைத்துப் பார்த்தால் ஊறின மை எது என்று பிடிபடும்.

செயலியில் வண்ண மூலப் படம் இன்னும் இருக்கலாம், தேடிப் பாருங்கள். இல்லையென்றால் சித்தப்பாவிடம் சொல்லி அந்த ஒரு பக்கத்தை மட்டும் சாதாரணக் கேமராவில், வண்ணத்தில், பக்கவாட்டு வெளிச்சத்தில் எடுக்கச் சொல்லுங்கள். தாளை மேசையில் வைத்து, அறை விளக்கை அணைத்துவிட்டு, டார்ச்சைத் தாளின் விளிம்பு உயரத்துக்கு இறக்கி ஒரு பக்கத்திலிருந்து அடிக்க வேண்டும். கட்டைப் பேனா முனை ஊன்றிய இடம் சின்னக் குழியாக நிழல் விழும். மை போயிருந்தாலும் குழி இருக்கும்.

---

பனங்கூடல்

நான் யாழ்ப்பாணம், இப்போது கனடாவில். எங்கள் பக்கத்துக் கதையையும் சொல்லவேணும். இலங்கை அரச கடிதங்களிலும் சான்றிதழ்களிலும் திகதி பெரும்பாலும் ஆண்டு முதலில், புள்ளி வைத்து வரும், 2005.03.12 மாதிரி. நாலு இலக்க ஆண்டு இருந்தால் குழப்பமில்லை. என் மருமகளின் பிறப்புச் சான்றிதழ்ப் பிரதியில் வழங்கிய திகதியை யாரோ கையால் "05.03.12" என்று எழுதியிருந்தார்கள். இங்கே விண்ணப்பத்துக்காக அதைப் படம் பார்த்து அடித்தவர் 5 மார்ச் 2012 என்று விரித்துவிட்டார். உண்மையில் அது 2005 மார்ச் 12. பிள்ளையின் முதல் கடவுச்சீட்டு 2006இல் எடுத்தது, அதற்குக் கொடுத்ததே இந்தப் பிரதிதான். 2012இல் வழங்கிய பிரதியை 2006இல் எப்படிக் கொடுத்தீர்கள் என்று கேட்டு ஒரு கடிதம் வந்தது. விளக்கம் எழுதி, மொழிபெயர்ப்பைத் திரும்பச் செய்து முடிக்க நாலு மாதம் போனது.

05.03.12 என்றே அடித்துவிட்டு, மூலத்தில் இப்படித்தான் உள்ளது என்று ஒரு வரி சேர்த்திருந்தால் அவர்களே மூலத்தைப் பார்த்திருப்பார்கள். கனடாவில் எண்ணால் எழுதும் திகதி மூன்று வரிசையிலும் புழங்குகிறது, அதனால் இங்கே ஊகித்தால் இன்னும் ஆபத்து.

அங்கே புள்ளி இருந்தது ஒரு தடயம் என்று இப்போதுதான் எனக்கு விளங்குகிறது. சாய்கோடு போட்டு மாற்றியிருந்தால் இலங்கை முறை என்று யாருக்கும் சந்தேகமே வந்திராது.

---

நிரல்வேல்

பனங்கூடல் சொன்னது என் வாயை அடைத்துவிட்டது. நான் சொன்னபடி 2012-03-05 என்று மாற்றியிருந்தால் தப்பே அழகாகத் தெரிந்திருக்கும்.

அக்கா சொல்லும் இரண்டாவது நிரலில், உறுதியில்லாத தேதிக்கும் ஒரு வடிவம் இருக்கிறது. ஐஎஸ்ஓ 8601இன் இரண்டாம் பகுதியில், இவற்றில் ஏதோ ஒன்று என்று சொல்லச் சதுர அடைப்பு உண்டு. கிணற்றடியின் பட்டியல் இப்படி வரும்:

```
படம்,உள்ளபடி,வாசிப்பு
14_முதுகு,31132,"[1932-01-31,1932-11-03]"
14_வாசகம்,1932 ௵ நவம்பர் ௴ 5 ௳,1932-11-05
14_தாக்கல்,7-11-32,1932-11-07
```

ஆனால் அக்கா, நீங்கள் உள்ளபடி நிரலிலும் சதுர அடைப்பைப் போடச் சொல்கிறீர்கள். இரண்டு நிரலில் ஒரே குறிக்கு இரண்டு பொருள். குழம்பாதா?

---

ஏட்டுச்சுவடு

நியாயமான கேள்விதான். நாங்கள் வேலை செய்த இடத்தில் வாசிப்பு நிரலில் ஒரே தேதிதான், சந்தேகம் குறிப்பில் போகும், அதனால் இந்த மோதல் வந்ததில்லை. உங்கள் முறையில் போவதானால் உள்ளபடி நிரலுக்கு வேறு குறி எடுத்துக்கொள்ளுங்கள். எதை எடுத்தாலும் கோப்பின் முதல் தாளில் எழுதி வைக்க வேண்டும்.

---

பழைய முத்திரை

௳ பற்றி ஒரு எச்சரிக்கை. கையெழுத்தில் அது உ மாதிரி இருக்கும், தமிழ் எண் இரண்டும் ௨ என்று உகரம் போலத்தான் இருக்கும். "5 ௳" என்பதை 52 என்று படித்தவர்களை நான் கண்டிருக்கிறேன். அதே போல ௴ பார்க்க மீ மாதிரி. அச்சில் அந்தக் குறி இல்லாதபோது மீ, உ என்றே போட்டுவிடுவார்கள், "மார்ச்சு மீ 7உ" என்று.

---

கிணற்றடி

ஐயா, அப்படி உ என்று தட்டச்சு செய்வதா, ௳ என்று செய்வதா? என் கைபேசி விசைப்பலகையில் ௳ இல்லை, நகலெடுத்துத்தான் ஒட்டுகிறேன்.

---

ஏட்டுச்சுவடு

ஒருங்குறியில் மூன்றுக்கும் தனி இடம் உண்டு, ௳ 0BF3, ௴ 0BF4, ௵ 0BF5. தாளில் குறி இருந்தால் குறியையே போடுவேன். உ என்ற எழுத்தாகப் போட்டால் அடுத்தவர் ௨ என்று படிக்க வழி திறந்துவிடுகிறோம். தாளில் அச்சடித்த மீ, உ இருந்தால் மீ, உ என்றே விடுவேன்.

மேற்படி என்பதற்கு வரும் ௸ குறியையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். அட்டவணையில் "௸ மாதம் 9 ௳" என்று வரும். மேல் வரியைப் பார்த்து நவம்பர் என்று நிரப்பாதீர்கள், ௸ என்றே இருக்கட்டும். மேல் வரியை நீங்கள் தப்பாகப் படித்திருந்தால் கீழே உள்ள எல்லா வரிக்கும் அந்தத் தப்பு பரவிவிடும்.

---

பனங்கூடல்

இதில் எனக்கு முழு உடன்பாடு இல்லை. ௴ என்று போட்டால் எத்தனை பேர் அதை அடித்துத் தேடுவார்கள்? சில எழுத்துருவில் வெறும் பெட்டி தெரிகிறது. குடும்பத்தில் அடுத்த தலைமுறை படிக்கத்தானே செய்கிறோம். "1932 வருஷம் நவம்பர் மாதம் 5 தேதி" என்று விரித்தால் வரிசையும் கெடாது, பொருளும் விளங்கும்.

---

ஏட்டுச்சுவடு

வரிசை கெடாது என்பது சரி. குறியை விரிப்பது எழுத்தை மாற்றுவது என்றுதான் எனக்குப் படுகிறது. தேட வசதி வேண்டுமென்றால் வாசிப்பு நிரல் இருக்கிறதே.

---

வயல்வரப்பு

எனக்கு இன்னொரு சந்தேகம். வரி ரசீதுகளில் "19" என்பது அச்சிலேயே இருக்கும், பக்கத்தில் 47 என்று கையால் எழுதியிருப்பார்கள். 1947 என்று சேர்த்து எழுதினால் உள்ளபடி ஆகுமா? அச்சையும் கையையும் பிரிக்க வேண்டுமா? அப்புறம் கோட்டின் நீளம். சிலர் 7 க்குப் பிறகு ஒரு விரல் நீளத்துக்கு இழுத்திருக்கிறார்கள்.

---

ஏட்டுச்சுவடு

கோட்டின் நீளத்தை நான் பார்ப்பதில்லை. புள்ளியா, சிறு கோடா, சாய்கோடா, வெறும் இடைவெளியா என்ற வகை போதும். முன்னால் 0 இருந்தால் 0 இருக்கட்டும், இல்லாவிட்டால் சேர்க்க வேண்டாம். அச்சு 19 விஷயத்தில் நான் 1947 என்றே எழுதிவிட்டுக் குறிப்பில் "19 அச்சு" என்று போடுவேன். அது போதாது என்று என்னோடு வாதாடியவர்கள் உண்டு, 1950க்குப் பிறகும் பழைய "194" படிவத்தையே வைத்துக்கொண்டு அடித்துத் திருத்தி எழுதிய இடங்களைக் காட்டினார்கள். அப்படி அடித்தல் இருந்தால் கட்டாயம் பிரித்துக் காட்ட வேண்டும். அடித்தல் இல்லாத இடத்தில் வேண்டுமா என்பதில் எனக்கே இன்னும் ஒரு முடிவு இல்லை.

---

கிணற்றடி

ஒன்பது நாள் கழித்து வருகிறேன். சித்தப்பா மகள் நேற்று இரவு விளக்கை அணைத்து, டார்ச்சை இடப்பக்கம் தாழ்த்திப் பிடித்து அந்த முதுகுப் பக்கத்தை ஏழு படம் எடுத்து, கோப்பாகவே அனுப்பினாள். முதல் 3க்கும் அடுத்த 1க்கும் நடுவில், எண்களின் அடிவரிசையில், ஒரு குழி நிழலாகத் தெரிகிறது. தாளைத் திருப்பிப் பார்த்தால் அதே இடத்தில் சின்ன மேடு இருக்கிறது என்றாள், விரலால் தடவினாலே தெரிகிறதாம். இரண்டாவது புள்ளி இருக்க வேண்டிய இடத்தில் மடிப்பு ஓடுகிறது, அங்கே தாளே தேய்ந்துவிட்டது.

மூன்றுக்குப் பிறகு புள்ளி இருப்பதால் 31 இல்லை. உள்ளபடி நிரலில் `3.11[.]32` என்று போட்டேன். வாசிப்பில் 1932-11-03 மட்டும் வைத்துவிட்டேன், அதனால் அடைப்புக்குறி மோதலும் இப்போதைக்கு இல்லை. அதே விற்பனையாளர் கை இன்னும் மூன்று தாளில் வருகிறது, மூன்றிலும் புள்ளிதான் வைத்திருக்கிறார். 26 வரியையும் மறுபடி அடித்து முடித்தேன். அவற்றில் நான்கில் தாளில் சாய்கோடு இருந்ததை முதல் முறை சிறு கோடாக மாற்றியிருக்கிறேன்.

1898 பத்திரம் மட்டும் மிச்சம். அதில் நாள் தமிழ் எண்ணில் ௨௰ என்று தொடங்குகிறது, அடுத்து இருப்பது ௩ஆ ௳ஆ என்று தெரியவில்லை. ஐயா, வண்ணப் படத்தை அடுத்த பதிவில் போடுகிறேன், பார்த்துச் சொல்லுங்கள்.

---

பழைய முத்திரை

போடுங்கள் தம்பி. அந்த வரி மட்டும் போதாது, முழுப் பக்கமும் வேண்டும். அதே கை வேறு இடத்தில் ௩ எப்படிப் போட்டிருக்கிறது என்று பார்க்க வேண்டும்.